கதவருகே சொல்லும் வணக்கம்

ஆசிரியருக்கு,

விமானத்தில் ஏறும்போது பணிப்பெண்கள் சொல்லும் வணக்கம் சாவி கொடுத்த பொம்மை பேசுவது போலிருக்கிறது என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அந்தக் கதவருகே பல வருடம் நின்றுவிட்டு, இப்போது கோத்தகிரியில் ஓய்வாக இருப்பவள் நான். அவர் சொல்வது பாதி சரிதான். 180 பேருக்கு ஒரே வார்த்தையைச் சொன்னால் நாற்பதாவது ஆளிலேயே குரல் செத்துவிடும். அதனால்தான் "வாங்க", "வணக்கம் ஐயா", "பார்த்து ஏறுங்கம்மா" என்று மாற்றி மாற்றிச் சொல்வோம். ஆனால் அந்த வணக்கம் வெறும் மரியாதைக்காக மட்டும் இல்லை.

அத்தனை பேரும் ஏற இருபது, இருபத்தைந்து நிமிடம்தான். ஆளுக்கு ஏழெட்டு நொடிதான் கிடைக்கும். அதற்குள் குடித்திருக்கிறாரா, காய்ச்சலா, பயமா என்று பார்த்துவிட வேண்டும். நாங்கள் வணக்கம் சொன்னால் வருகிற பதிலில்தான் அது தெரியும். பயந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், கதவின் ஓரத்தைப் பார்ப்பார். "வணக்கம்" என்றால் "22 ஏ" என்பார். கையிலிருக்கும் போர்டிங் பாஸ் கசங்கி ஈரமாகியிருக்கும். சிலர் இதற்கு நேர்மாறாக, ஓயாமல் சிரித்துப் பேசிக்கொண்டே வருவார்கள். இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, அவசரத்தில் வருகிறவரும் இப்படித்தான் இருப்பார். அதனால் உள்ளே நிற்கும் தோழியிடம் சீட் நம்பரை மட்டும் மெதுவாகச் சொல்வோம். விமானம் நின்றுகொண்டிருக்கும்போதே ஒருவர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு, இரண்டு கைப்பிடியையும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

கோவையிலிருந்து சென்னைக்குப் போன ஒரு விமானத்தில் அந்த "22 ஏ" எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர். மகளின் பிரசவத்துக்காக முதல் தடவை பறக்கிறார். கதவில் கூட்டம் குறைந்ததும் நானே போய், அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து, "ஐயா, எந்த ஊர்?" என்றேன். கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டம் என்றார். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது தூங்குகிற மனுஷன்! "அங்கே டிரைவர் கண்ணுக்குத் தெரியறாரேம்மா" என்றார்.

இந்த இடத்தில் "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிடக் கூடாது. என்ன ஆகக்கூடும் என்று அவர் அப்போதுதான் யோசிக்க ஆரம்பிப்பார். அதற்குப் பதிலாக, வரப்போகிற சத்தங்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எங்களுடையது ஏர்பஸ் 320. கிளம்பும் முன் காலுக்கு அடியில் நாய் குரைக்கிற மாதிரி சத்தம் வரும். ஹைட்ராலிக் அழுத்தத்தைச் சமன் செய்யும் கருவி அது. மேலே எழும்பியதும் 'தொம்' என்று கேட்டால் சக்கரம் உள்ளே போகிறது என்று அர்த்தம். அப்புறம், ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு அடி ஏறியதும் என்ஜின் சத்தம் சட்டென்று தணியும், வயிற்றில் கீழே இறங்குவது போலிருக்கும். எழும்பும்போது தேவைப்பட்ட என்ஜின் சக்தியை விமானி குறைக்கிறார், அவ்வளவுதான். மிக அதிகமாகப் பயப்படுவது இந்த நொடியில்தான். அப்போது நாங்களும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்போம், எழுந்து வர முடியாது. அதனால்தான் முன்னாலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பெரியவருக்கு மூச்சு முட்டுமோ என்றும் ஒரு கவலை. எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்று 8,000 அடி மலையில் இருப்பதைவிட மெலியாதபடி வைத்திருப்பார்கள். ஊட்டியே சுமார் 7,350 அடி. "நம்ம ஊட்டிக் காத்துதாங்க ஐயா. இறங்கும்போது மேட்டுப்பாளையம் போற மாதிரி காது அடைக்கும், எச்சிலை முழுங்குங்க" என்றேன். அதற்குத்தான் முதன்முதலாகச் சிரித்தார்.

எல்லாருக்கும் இப்படி நேரம் கிடைக்காது. 50 இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் நாங்கள் நான்கு பேர்தான். மேலே பெட்டிகளை மூட வேண்டும், தலை எண்ண வேண்டும், பாதுகாப்பு விளக்கம் காட்ட வேண்டும். பயந்தவருக்கென்று கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். காதில் இயர்போனோடு தலையைக் குனிந்துகொண்டு போகிறவரிடம் அதையும் இழந்துவிடுகிறோம்.

ஆகவே அந்த வாசகரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பொம்மை வணக்கமே ஆனாலும் பதில் சொல்லுங்கள். பயமாக இருந்தால் சீட் நம்பரோடு அதையும் சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பின்வரிசையில் குலுக்கல் கூடுதல், இறக்கைப் பக்கம் குறைவு. அங்கே இடம் காலியாக இருந்தால் மாற்றித் தரப் பார்ப்போம். ஆனால் இறக்கை மேலுள்ள எமர்ஜென்சி கதவு வரிசையை மட்டும் கேட்காதீர்கள். ஆபத்தில் அந்தக் கதவைத் திறக்க வேண்டியவர் அங்கே உட்காருபவர்தான்.

— ஓய்வுபெற்ற விமானப் பணிப்பெண்,
கோத்தகிரி