வாரம் ஒரு விடுமுறை இருந்தும் பன்னிரண்டு நாள் தொடர் வேலை

ஆசிரியருக்கு வணக்கம்.

இரவுப் பணி பற்றிய விவாதங்களில் வார வேலை நேரத்தைத்தான் எல்லோரும் கணக்கிடுகிறார்கள். நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் பல ஆண்டுகள் ஷிப்ட் பட்டியல் எழுதியவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் தப்பிவிடும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் பட்டியலில் வாரம் ஞாயிறில் தொடங்கும். பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு முதல் வாரம் ஞாயிறு விடுமுறை கொடுத்தேன். அடுத்த வாரம் ஆள் பற்றாக்குறை. விடுமுறையைச் சனிக்குத் தள்ளினேன். வாரத்துக்கு ஒரு விடுமுறை, 48 மணி நேரம், தாளில் எல்லாம் சரி. ஆனால் திங்கள் முதல் மறுவாரம் வெள்ளி வரை அவர் தொடர்ந்து 12 நாள் வேலை செய்தார். அதில் கடைசி ஆறும் இரவு ஷிப்ட்.

பதினோராம் நாள் இரவு, பாய்லர் பதிவேட்டின் 2, 3, 4 மணி வரிகளில் நீர்மட்டமும் அழுத்தமும் ஒரே எண்களாக எழுதப்பட்டிருந்தன. காலையில் மாற்றுக்கு வந்தவர் அதைக் கண்டுபிடித்தார். "பார்த்துத்தான் சார் எழுதினேன்" என்றார் பாய்லர்காரர். பொய் சொல்லவில்லை, பார்த்ததாகவே நம்பினார். நல்ல வேளை, விபத்து ஏதும் இல்லை. சேர்ந்துபோன களைப்பு இருப்பவனுக்கே தெரியாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

விடுமுறை கொடுத்ததும் அரைகுறைதான். சனி காலை 6 மணிக்கு ஷிப்ட் முடிந்து, ஞாயிறு காலை 6 மணிக்கு அடுத்த ஷிப்ட். பெயர் விடுமுறை, கிடைத்தது 24 மணி நேரம், இரவுத் தூக்கம் ஒன்றே ஒன்று. இரவு ஷிப்டுகளுக்குப் பிறகு இரண்டு முழு இரவுத் தூக்கமாவது வேண்டும். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், முதல் இரவைவிட நான்காம் இரவில் விபத்து வாய்ப்பு ஏறத்தாழ 36 சதவீதம் கூடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

1988 டிசம்பரில் லண்டன் கிளாப்பம் ரயில் விபத்தில் 35 பேர் இறந்தார்கள். சிக்னல் பெட்டியில் பழைய கம்பி ஒன்றைத் துண்டித்து அகற்றாமல் விட்ட தொழில்நுட்பப் பணியாளர், முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பில் இருந்தார் என்று விசாரணையில் தெரியவந்தது.

நம் 1948 தொழிற்சாலைச் சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டது. ஞாயிறு விடுமுறையை மாற்றினால் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாட்களுக்குள் மாற்று விடுமுறை தர வேண்டியிருந்தது. எப்படி மாற்றினாலும் பத்து நாளுக்கு மேல் ஒருவரும் தொடர்ந்து வேலை செய்யக்கூடாது என்றது. நான் எழுதிய பட்டியல் இரண்டையும் மீறியது. வாரத்தை வாரமாகப் பார்த்ததால் என் கண்ணில் படவில்லை.

ஓவர்டைம் வேண்டும் என்று தொழிலாளரே கேட்பார்கள். வீட்டுத் தேவை அப்படி. ஆகவே எண்ணிக்கையை அவர்கள் விருப்பத்துக்கு விடக்கூடாது. வருகைப் பதிவேடான மஸ்டரில் ஒரு கட்டம் கூடுதலாகப் போதும்: கடைசி முழு விடுமுறைக்குப் பின் இது எத்தனையாவது நாள்? ஷிப்டைப் பரஸ்பரம் மாற்றிக்கொண்டாலும் அந்த எண் வாரம் மாறும்போது பூஜ்யமாகக் கூடாது. ஆறைத் தொட்டதும், இரவென்றால் மூன்றைத் தொட்டதும், ஓவர்டைம் சீட்டில் கையெழுத்து போடாமல் மேற்பார்வையாளர் மாற்று ஆளைக் கூப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் ஊழியர்,
கோயம்புத்தூர்.