வாரம் நூறு ரூபாய்

பெரம்பூர், சென்னை
ஞாயிறு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதமும், நீ வாங்கும் கேரள லாட்டரியின் கணக்கு நோட்டுப் பக்கங்களின் படங்களும் கிடைத்தன. அம்மாவை வியாழக்கிழமை பார்த்தேன். முட்டி வலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. நீ கஞ்சிக்கோட்டில் இளைத்துப் போய்விட்டாயாம், முருகேசன் வந்து சொன்னானாம். அவன் சொல்வதை இத்தனை வருஷம் கழித்தும் ஒருத்தர் நம்புகிறார் என்றால் அது உங்கள் அம்மாதான். ஓட்டேரிப் பக்கம் மெட்ரோ வேலையால் தெருவெல்லாம் சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. ஊர்ச் சேதி இவ்வளவுதான். விஷயத்துக்கு வருகிறேன்.

"லாட்டரிக்கு வாரத்துக்கு ஐந்நூறு என்று வைத்துக்கொள்ளலாமா, நீ கணக்குப் பார்த்துச் சொல்" என்று கேட்டிருக்கிறாய். கணக்குப் பார்த்துவிட்டேன். கூடாது. நூறு ரூபாய், அதாவது இரண்டு டிக்கெட். ஏன் என்று உன் கையெழுத்தை வைத்தே சொல்கிறேன்.

கைக்கு வரும் சம்பளம் 36,000. வாடகை 9,500, பிள்ளைகள் ஸ்கூலும் வேனும் 5,000, சீட்டு 5,000, நகைக்கடன் வட்டி 1,500, அம்மாவுக்கு 2,000, மளிகை, பால், கேஸ், கரண்ட் எல்லாம் 10,000. கூட்டினால் 33,000. மீதி 3,000. டீ, பஸ், ஒரு சினிமா, யாருக்காவது காய்ச்சல் வந்தால் டாக்டர், எல்லாம் அதற்குள்தான். லாட்டரிக்கான பணம் சம்பளத்திலிருந்து வருவதாக நினைக்காதே. இந்த மூவாயிரத்திலிருந்துதான் வரவேண்டும். வாரம் ஐந்நூறு என்றால் மாதம் இரண்டாயிரத்துக்கு மேல், மீதியில் முக்கால் பங்கு போச்சு. வாரம் நூறு என்றால் நானூறோ ஐந்நூறோ, ஆறில் ஒரு பங்குதான். அது முழுவதும் போனாலும் வீட்டில் எதுவும் நிற்காது. முழுவதும் போகும் என்றே வைத்துக்கொண்டு போட வேண்டிய தொகை இது.

இப்போது நீ வாங்குவது எவ்வளவு என்று பார்த்தாயா? தினமும் அஞ்சு டிக்கெட் செட், ஒன்று 50 ரூபாய். நாளைக்கு 250, வாரத்துக்கு 1,750. வருஷத்துக்குப் பெருக்கினால் 91,000 ரூபாய். மாதம் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு மேல். மீதியோ மூவாயிரம். மற்ற நாலாயிரத்து ஐந்நூறு எங்கிருந்து வருகிறதுடா? சீட்டுக் கட்டாமல் விட்டாயா, நகையை மறுபடி வைத்தாயா? உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை. பதில் எழுதும்போது முதலில் இதை எழுது.

அடுத்தது செட். கடைசி நாலு எண் ஒன்றாக இருக்கும் அஞ்சு டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தால் அஞ்சு மடங்கு வாய்ப்பு என்று எழுதியிருக்கிறாய். அப்படி இல்லை. சின்னப் பரிசுகள் கடைசி நாலு இலக்கத்துக்குத்தான். 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் முடிவுகள். நேற்றைய முடிவுத் தாளை எடுத்து அதில் எத்தனை நாலிலக்க எண் அச்சாகியிருக்கிறது என்று எண்ணிப் பார், முந்நூறுக்கு மேல் இருக்கும். கணக்குக்காக 350 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நூறு டிக்கெட்டுக்கு மூன்றரை. உன் செட்டில் அஞ்சு டிக்கெட்டுக்கும் முடிவு ஒன்றே, அதனால் விழுந்தால் அஞ்சும் விழும், விழாவிட்டால் அஞ்சும் போகும். விழும் வாய்ப்பு 50 ரூபாய்க்கு இருந்ததுதான் 250 ரூபாய்க்கும். முதல் பரிசு மாதிரிப் பெரிய பரிசுகளுக்குத் தொடர் எழுத்தும் ஆறு இலக்கமும் சேர்ந்து பொருந்த வேண்டும். 12 தொடரையும் முழுசாக அச்சடித்தால் ஒரு கோடியே எட்டு லட்சம் டிக்கெட். அதில் ஒன்று வைத்திருப்பதற்கும் அஞ்சு வைத்திருப்பதற்கும் உன் வாழ்க்கையில் தெரிகிற மாதிரி வித்தியாசம் கிடையாது.

போன மாதம் செட்டில் ஒரு தடவை 200 ரூபாய்ப் பரிசு விழுந்ததாக நோட்டில் இருக்கிறது. அஞ்சு டிக்கெட்டுக்கு ஆயிரம். பக்கத்திலேயே "வரவு 1,000" என்று எழுதியிருக்கிறாய். அந்த நாலு வாரத்தில் செலவு 7,000. ஆயிரம் வந்த அன்றைக்கே அதே கடையில் இருபது டிக்கெட்டாக மாற்றியிருக்கிறாய், அது செலவுப் பக்கத்தில் ஏறவே இல்லை. கையில் காசாக வராத பரிசு வரவு ஆகாது. இந்த ஒரு பழக்கம் எந்த வாரக் கணக்கையும் உடைத்துவிடும், ஏனென்றால் பரிசாக வந்த டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்த ஞாபகம் மனசுக்கு இருக்காது.

இன்னொன்று, இதைத்தான் நீ நன்றாக யோசிக்க வேண்டும். நாலு இடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டு "ஒரு நம்பரில் போச்சு" என்று குறித்திருக்கிறாய். ஒவ்வொரு வட்டத்துக்கும் மறுநாள் செலவு கூடியிருக்கிறது, பார்த்தாயா? ஒரு நாலிலக்க எண்ணில் ஏதாவது ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினால் 36 வேறு எண்கள் வரும். தாளில் இருக்கும் 350-க்கும் அப்படி அக்கம்பக்கம் எடுத்தால் 12,600. மொத்த முடிவுகளே பத்தாயிரம்தான். ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கழித்தாலும், வாங்கும் பத்து டிக்கெட்டில் ஏழு ஏதாவது ஒரு பரிசு எண்ணுக்கு ஓர் இலக்கம் தள்ளித்தான் இருக்கும். எல்லார் டிக்கெட்டும் அப்படித்தான். அதிர்ஷ்டம் நெருங்கி வருகிறது என்பதற்கு அது அடையாளமே இல்லை.

அதே மாதிரி, "இத்தனை நாள் விழவில்லை, இனி விழுந்தே ஆகணும்" என்பதும். வாரம் இரண்டு டிக்கெட் வாங்கினால் இருபது வாரம் தொடர்ந்து ஒரு பைசா விழாமல் போக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் குலுக்கல் முந்தின நாளை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அப்படி வறண்ட வாரங்கள் வரும் என்று இப்போதே தெரிந்திருந்தால்தான், வரும்போது தொகையைக் கூட்ட மாட்டாய்.

சரி, நடைமுறை. வாரத்தில் ஒரு நாளைப் பிடித்துக்கொள். உனக்கு சனிக்கிழமை அரை நாள் வேலை என்பதால் அன்றைக்குக் குலுக்கும் காருண்யா லாட்டரி சரிப்படும். காலையில் வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் தனியாக நூறு ரூபாய் நோட்டு ஒன்று. வேறு வேறு முடிவுள்ள இரண்டு டிக்கெட். ஜிபே வேண்டாம், ஃபோனைத் தட்டினால் நூறா முந்நூறா என்று கைக்குத் தெரியாது. மத்தியானம் கடைப் பக்கமே போகாதே. மூணு மணிக் குலுக்கலுக்கு முன்னால் மிச்ச டிக்கெட்டைக் கையில் நீட்டுவார்கள், அப்போதுதான் ஆள் வழுக்குவான். குலுக்கலை நேரலையில் பார்க்காதே. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அரசு முடிவுத் தாள் வந்த பிறகு ஒரே தடவை பார், நோட்டில் எழுது, மூடு. டிக்கெட் வாங்கியதும் பின்பக்கம் கையெழுத்து, பெயர், விலாசம்.

பரிசு விழுந்தால் அன்றைக்கே ஓடாதே. உரிமை கோர முப்பது நாள் இருக்கிறது. ஐயாயிரம் வரை கடையிலேயே கொடுப்பார்கள், அதற்கு மேல் லாட்டரி ஆபீஸ். நூறு இருநூறை மாசக் கடைசியில் சேர்த்து, காசாக வாங்கி, தேவகியிடம் கொடு. அது வீட்டுப் பணம், அடுத்த வார நூறோடு சேரக்கூடாது. ஐயாயிரமே விழுந்தாலும் அடுத்த சனிக்கிழமை நூறுதான்.

வாங்காமல் விட்ட வாரத்தின் நூறு அடுத்த வாரத்துக்கு ஏறக்கூடாது. விதிவிலக்கு ஒன்று மட்டும் தருகிறேன், இல்லாவிட்டால் நீ ஓணத்துக்கு உடைத்துவிடுவாய். பம்பர் டிக்கெட் 500 ரூபாய் என்றால், அதற்கு முந்தின ஐந்து சனிக்கிழமை ஒன்றும் வாங்காமல் சேர்த்து ஒன்று வாங்கிக்கொள். முதலில் வாங்கிவிட்டு அப்புறம் ஐந்து வாரம் விடுகிறேன் என்றால் நடக்காது.

சென்னைக்கு மாற்றல் வந்தால் இங்கே கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். கிடைக்காது. 2003-லிருந்து தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை. கிடைப்பது மூணு நம்பர்தான், கேரளக் குலுக்கலின் கடைசி மூன்று இலக்கத்தின்மேல் யாரோ ஒருத்தன் சீட்டெழுதி நடத்துவது. அதில் அரசு டிக்கெட் கிடையாது, விழுந்தால் கேட்க இடம் கிடையாது. எல்லாவற்றையும்விட மோசம், கடனுக்கு எழுதுவான். கடன் கிடைக்கும் இடத்தில் வாரத்துக்கு இவ்வளவு என்ற பேச்சே செல்லாது. வாட்ஸாப்பில் கேரள டிக்கெட் அனுப்புகிறோம் என்பவனையும் நம்பாதே. கேரள லாட்டரி காகித டிக்கெட்டாக, கேரளத்துக்குள் நேரில் வாங்குவது மட்டும்தான்.

நிறுத்துவதைப் பற்றி. இந்த நாலில் ஒன்று நடந்தாலும் அந்த வாரமே நிறுத்து: நூறு தாண்டி ஒரு டிக்கெட் வாங்கினால், கைமாற்று வாங்கி வாங்கினால், சீட்டோ வட்டியோ தள்ளிப்போனால், வீட்டில் மறைத்தால். நிறுத்துவது என்றால் முழுசாக நாலு சனிக்கிழமை. நாலும் சுலபமாகக் கடந்தால் மறுபடி நூறிலிருந்து தொடங்கலாம். இரண்டாவது சனிக்கிழமையே கை பரபரத்து, தூக்கம் கெட்டு, யாரிடமாவது எரிந்து விழுந்தால், பிறகு இது பட்ஜெட் விஷயமில்லை. 14416 என்று டெலி மானஸ் எண், அரசாங்கத்துடையது, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். கூப்பிடு.

சுந்தரம், "தேவகிக்குத் தெரிய வேண்டாம்" என்று கடைசியில் எழுதியிருந்தாய். மேலே சொன்ன நாலில் ஒன்று ஏற்கனவே நடந்துவிட்டது. சீட்டும் தள்ளிப்போயிருந்தால் இரண்டு. ஆகவே நூறு ரூபாய்க் கணக்கு இந்தச் சனிக்கிழமை தொடங்காது. முதலில் நாலு வாரம் ஒன்றும் கிடையாது. அதற்குள் நோட்டை அவளிடம் காட்டு, 91,000 என்ற எண்ணையும் காட்டு. கோபப்படுவாள், படட்டும். நீ சொல்லாமல் நகைக்கடை ரசீதிலிருந்து அவளுக்குத் தெரிந்தால் அது வேறு கோபம். உனக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றால் நான் பாலக்காடு வருகிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து சொல்வோம். ஆனால் உனக்குத் தெரியாமல் நான் அவளிடம் பேச மாட்டேன்.

அம்மா ஊறுகாய் கொடுத்தனுப்பச் சொன்னார்கள். முருகேசன் இருபதாம் தேதி அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுக்கிறேன். அதற்குள் அந்த நாலாயிரத்து ஐந்நூறுக்குப் பதில் எழுது.

உன்
ராஜு