மூன்றாம் பத்தியில் ஒளிந்திருக்கும் முதல் வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் கட்டுரைகளைப் படித்தால் கணினி எழுதித் தந்தது போல இருக்கிறது என்று பலரும் குறைபடுகிறார்கள். மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகள் தம் கையால் எழுதியதும் பெரும்பாலும் அப்படித்தான் ஒலிக்கிறது. கைடு புத்தகங்கள் பழக்கிவிட்ட நடை அது.

நீர் மேலாண்மை பற்றி ஒரு மாணவி எழுதிய கட்டுரை, "இன்றைய நவீன உலகில் நீர் மேலாண்மை மிக முக்கியமான ஒன்றாகும்" என்று தொடங்கியது. நீர் மேலாண்மையை எடுத்துவிட்டு சாலைப் பாதுகாப்பை வைத்தாலும் வரி அப்படியே நிற்கும். அப்படி நின்றால் அந்த வரி வேண்டாம். ஆனால் அவளுடைய மூன்றாம் பத்தியில், "எங்கள் ஊர் ஏரி மதகின் ஷட்டர் துருப்பிடித்து முழுதாக இறங்குவதில்லை" என்று இருந்தது. அதை முதல் வரியாக்கச் சொன்னேன். பெரும்பாலான கட்டுரைகளில் நல்ல தொடக்கம் இப்படி நடுவில்தான் கிடக்கிறது.

அப்புறம் இந்த 'மேலும்'. "வரத்துக்கால்வாய் தூர்ந்துவிட்டது. மேலும், ஷட்டர் பழுதாகியுள்ளது. மேலும், ஏரியில் தண்ணீர் நிற்பதில்லை" என்று எழுதியிருந்தாள். மூன்றாவது தனிச் செய்தி அல்ல, முதல் இரண்டின் விளைவு. 'மேலும்' போட்டதும் அந்த உறவு மறைந்துபோகிறது. எது எதனால் நடந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு இப்படி மாற்றினாள்: "வரத்துக்கால்வாய் தூர்ந்ததால் மழைத்தண்ணீர் ஏரிக்கு வராமல் சாலையில் ஓடுகிறது. வருகிற கொஞ்சமும் மூடாத மதகு வழியே கோடைக்கு முன்பே வடிந்துவிடுகிறது." இணைப்புச் சொல் தனியாகத் தேவைப்படவில்லை. ஒரே வகையான இரண்டு செய்திகளை அடுக்கும்போது 'மேலும்' போடுவதில் தவறில்லை. காரணம் தெரியாத இடத்தை மூட அதைப் போடுவதுதான் தவறு.

முடிவுரையில் "நாம் அனைவரும் ஒன்றிணைந்து நீரைக் காப்போம்" என்று இருந்தது. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதும் பதில் வந்தது: "ஜனவரி 26 கிராம சபையில் ஷட்டரை மாற்றத் தீர்மானம் போடும்படி ஊரார் கேட்க வேண்டும். கால்வாயைத் தூர்வாருவது அடுத்த மழைக்கு முன் முடிந்தால் போதும்." எது முதலில், எது பிறகு என்று அவளே பிரித்துச் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அங்கே உறுதிமொழி எதற்கு?

முன்னுரை, முடிவுரை என்று தலைப்புப் போடாவிட்டால் மதிப்பெண் போய்விடும் என்று பிள்ளைகள் பயப்படுவது நியாயம்தான். சரி, தலைப்புகள் இருக்கட்டும். அவற்றின் கீழ் வரும் வாக்கியம் சொந்தமாக இருக்கலாமே.

தங்கள் மாணவர் பக்கத்துக்குப் படைப்பு கேட்கும் அறிவிப்பில், "எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற முதல் வரியும் கடைசி வரியும் வேண்டாம்" என்று சேர்க்க வேண்டுகிறேன். அச்சில் வந்தால் ஆசிரியர்களும் அதைக் காட்டித் திருத்த முடியும்.

– தமிழாசிரியை ஒருவர்,
செங்கல்பட்டு மாவட்டம்.