முப்பது ரூபாய் மீதிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

பென்னாகரம் – தருமபுரி டவுன் பஸ் கண்டக்டரையும் அவருடைய வழக்கமான பயணிகளையும் வைத்து பன்னிரண்டு குறும்பதிவுகளாக ஒரு கதை போட்டேன் இல்லையா, அதில் என் பெயர் மட்டும்தான் இருந்தது. கதையை நிற்க வைத்தவர்கள் வேறு சிலர். அவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணனுக்கு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு காட்சி: ஐம்பது ரூபாய் நோட்டு கொடுத்த பெரியவருக்குச் சில்லறை இல்லை, கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் 30 என்று எழுதித் தருகிறார், பெரியவர் மீதியை வாங்காமலே இறங்கிப் போய்விடுகிறார். "சரி, அந்தக் காசு இப்ப எங்க இருக்கும்?" என்று அண்ணன் கேட்டார். பையிலேயே இருந்தால் விற்ற டிக்கெட்டை விடப் பணம் கூடுதலாக நிற்கும். தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்றால், டூட்டிக்கு ஏறும்போதே சொந்தக் காசு எவ்வளவு என்று எழுதி வைக்க வேண்டும், செக்கிங் ஏறினால் அதற்கு மேல் இருக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். இதை அவர் சொல்லி முடித்ததும் எனக்குக் கதை கிடைத்துவிட்டது. அந்த முப்பது ரூபாய் அன்றைக்கே கைமாறியாக வேண்டும்.

இன்னொன்றும் அவர்தான் சொன்னார். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, டிக்கெட் மட்டும் கிழித்துத் தருவார்கள். அதனால் மீதி வாங்க வேண்டியவர் ஆணாகத்தான் இருக்க முடியும். பூக்கார அக்காவுக்கும் கண்டக்டருக்கும் நடுவே காசுப் பேச்சே இல்லாமல் போனதும், அந்த அக்காவை நம்பிக் காசைக் கொடுத்து அனுப்புகிற மூன்றாவது பதிவும் அதிலிருந்து வந்தவை.

அடுத்து பாலக்கோடு பக்கத்துப் பட்டுப்புழு விவசாயி. பெரியவர் ஏன் மீதியை மறந்து ஓடுகிறார் என்பதற்கு அவர்தான் காரணம் தந்தார். பெரியவரைப் பட்டுக்கூடு விற்கப் போகிறவராக வைத்தது அதனால்தான். கூட்டை அறுத்த பிறகு வைத்திருந்தால் எடை இறங்கும், ரொம்ப நாளானால் அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும், நூல் எடுக்க முடியாது. அதனால் மூட்டையோடு தருமபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்கு ஏலம் தொடங்கும் முன் போய்ச் சேருவதிலேயே மனசு இருக்கும். அதைவிட முக்கியமாக, பெரியவர் தினமும் ஏறுகிறவர் இல்லை. புழு பொரித்துக் கூடு கட்டவே இருபத்தைந்து நாள் போல ஆகும், அடுத்த ஈடு, அதாவது அடுத்த சுற்றுக் கூடு, வரும்வரை அந்தப் பஸ் பக்கம் வரமாட்டார். நாளைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று கண்டக்டர் நினைக்க முடியாமல் போனது இதனால்தான்.

கதையின் வடிவத்துக்கு இண்டூரில் பாடம் எடுக்கும் டீச்சர் அக்காவுக்கு நன்றி. கூட்ட நெரிசலில் பின்னால் நிற்பவரின் காசு கை கையாக முன்னே போய், டிக்கெட்டாகக் கை கையாகத் திரும்பி வருமே, பதிவுகளும் அப்படியே போகட்டும் என்றார். ஒரு பதிவுக்கு ஒரு கை. பூக்கார அக்காவிடமிருந்து ஐடிஐ மாணவனுக்கு, அவனிடமிருந்து பால் சொசைட்டிக்காரருக்கு. ஏழாவது பதிவை மட்டும் யாரோ பகிர்ந்து, அதை மட்டும் படிக்கிறவருக்கும் யார் கையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும், ஆகவே முதல் வரியிலேயே ஊர்ப் பெயரும் கையும் வரட்டும் என்பதும் அக்கா சொன்னதுதான். எனக்கு இந்த யோசனை மேல் இன்றைக்கும் பெரிய மதிப்பு.

எழுத்தைக் குறைத்துக் கொடுத்த தம்பிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். X தளத்தில் ஒரு பதிவுக்கு 280 எழுத்து என்பது நாம் எண்ணும் எழுத்து இல்லை. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். 'கண்டக்டர்' நமக்கு ஆறு எழுத்து, அங்கே ஒன்பது. மெய்யெழுத்து நிறைந்த வாக்கியம் சீக்கிரம் முட்டிக்கொள்ளும். தம்பி பெயர்களை எல்லாம் ஒன்றிரண்டு எழுத்தில் அடக்காமல், "என்று சொல்லிக்கொண்டே", "பார்த்துவிட்டு" மாதிரி நீண்ட வினைகளைத்தான் வெட்டினான். அதனால் பேச்சு கெடவில்லை. எட்டாவது பதிவில் செக்கிங் ஏறி, பையை எண்ணி, கணக்கு சரி என்று இறங்குவதை மூன்றே வாக்கியத்தில் முடித்தது அவன் கைவேலை.

பன்னிரண்டாவது பதிவில் பெரியவர் அடுத்த ஈட்டு மூட்டையோடு ஏறி, இந்த முறை சரியான சில்லறையை எண்ணி நீட்டுகிறார். நான் எழுதியிருந்த கண்டக்டரின் பதில் வசனத்தை எடுத்துவிடச் சொன்னவர் என் மனைவி. வசனம் போனதும் பதிவு நன்றாக மூச்சு விட்டது.

படித்துவிட்டு, தங்கள் பஸ்ஸில் விட்ட மீதி, வாங்கிய மீதி பற்றி எழுதி அனுப்பிய எல்லோருக்கும் நன்றி. ஓசூர், காவேரிப்பட்டணம் ரூட்டுக்காரர்களே, இன்னும் அனுப்புங்கள், கண்டக்டர் அண்ணனும் உட்கார்ந்து படிக்கிறார்.