காலச் சக்கரத்துக்கு வாய் எங்க இருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீங்க போட்ட தாத்தா கவிதைய போன இதழ்ல ஒரு வாசகர் காய்ச்சி எடுத்திருந்தார், எல்லாமே தேஞ்சுபோன உருவகம், ஒண்ணுக்கொண்ணு ஒட்டல, குப்பைன்னு. எனக்கு அது ரொம்ப ஓவரா பட்டுச்சு. குறை இருக்கு, ஆனா அவர் சொன்ன எடத்துல எல்லாம் இல்ல.

முதல்ல ஆரம்பம்:

"வறுமைக் கடலில் தத்தளித்த தாத்தா
நாகையில் கப்பலேறி ரங்கூன் வந்தார்"

வறுமைக் கடல்ங்கறது செத்த உருவகம்தான். விலை ஏறிடுச்சு, மனசு உடஞ்சிடுச்சுன்னு தினம் பேசறோமே, அப்ப யாருக்காவது ஏணியோ பானையோ கண்ணுல தெரியுதா? அது பாட்டுக்கு செத்து கிடந்தா கவிதைக்கு ஒண்ணும் ஆகாது, வெறும் "ரொம்ப வறுமை"ன்னுதான் படிச்சிட்டுப் போவோம். ஆனா இங்க அடுத்த வரியிலயே நிஜ கப்பலும் நிஜ கடலும் வந்துடுது, உடனே செத்த கடல் எழுந்து உக்காந்துக்குது, தண்ணில தத்தளிக்கற மனுசன் எப்படி நாகப்பட்டினத்துல டிக்கெட் வாங்கி கப்பல் ஏறுனார்னு சிரிப்பு வந்துடுது. கடலை எடுத்துட்டு வெறும் வறுமைன்னு போட்டா போதும்.

இதே முழிச்சுக்கற சமாச்சாரம் அடுத்த வரியில நல்லதா வேலை செய்யுது, அதத்தான் அந்த வாசகர் கவனிக்கல. "வியர்வை விதைத்தார், யாரோ பொன் அறுத்தார்." வியர்வைய விதைக்கறது மேடைப்பேச்சுல கேட்டு கேட்டு புளிச்சுப்போனதுதான். ஆனா இந்தக் கவிதையில தாத்தா பெகு பக்கம் நெல்லு வயல்ல அறுப்புக் கூலி, நம்மாளுங்க அந்தக் காலத்துல ஐராவதி டெல்டாவுக்கு அறுப்புக்கும் ரைஸ் மில்லுக்கும்தான் கும்பல் கும்பலா வந்தாங்க. அருவா புடிச்சு நெல்லு அறுத்தது அவர்தான், ஆனா நெல்லு அவரோடது இல்ல. அதனால "யாரோ பொன் அறுத்தார்"னு படிக்கறப்ப பழைய உருவகத்துக்குள்ள நிஜ வயல், நிஜ கூலி எல்லாம் திரும்ப வந்து உக்காருது. "யாரோ"ங்கற ஒரு சொல்லுதான் அத செஞ்சுது. அது இல்லாம "பொன் அறுத்தார்"னு மட்டும் இருந்தா நானும் அந்த வாசகர் கட்சிதான்.

நிஜமா கவிதைய கெடுக்கறது இதுதான்: "காலச் சக்கரம் அவரை விழுங்கியது." காலம் சக்கரம்ங்கறது ஒரு தேஞ்ச உருவகம், காலம் விழுங்கும்ங்கறது இன்னொண்ணு, ரெண்டையும் ஒரே வினைக்குள்ள திணிச்சிட்டார். சக்கரம்னா சுத்தும், நசுக்கும், அதுக்கு வாய் ஏது? இத கண்டுபிடிக்க பெரிய படிப்பெல்லாம் வேணாம், உருவகத்த ஒரு தாள்ல படமா வரஞ்சு பாருங்க, பென்சில் எங்க நிக்குதோ அங்க கலப்படம். அதோட அந்த வரி தாத்தா எப்படி செத்தார்னே சொல்லல, மலேரியாவா, குண்டு விழுந்தா, வயசாகியா? சொல்ல ஒண்ணும் இல்லாத எடத்துலதான் ரெடிமேட் உருவகம் ரெண்டு சேந்து வரும்னு நான் நினைக்கறேன்.

ஆனா உருவகம் கலந்தாலே தப்புன்னு சொல்லிட முடியாது. தண்டியலங்காரத்துல இயைபில் உருவகம்னே ஒரு வகை இருக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத பொருள்கள வச்சு உருவகம் பண்றது, அத அணியாத்தான் சேத்திருக்காங்க. முகத்த நிலாவாக்கி கண்ண வேலாக்கினா யாரும் சண்டைக்கு வரமாட்டோம், ஏன்னா நிலா ஒண்ணுக்கு, வேல் இன்னொண்ணுக்கு, ஒரே நாற்காலிக்கு ரெண்டும் அடிச்சுக்கல.

அந்த வாசகர் ரொம்ப கிண்டல் பண்ண கடைசி ரெண்டு வரியும் எனக்கு இப்படித்தான் தோணுது.

"அவர் நாவில் வேர்விட்ட தமிழ்
பேரன் வாயில் நரைத்துவிட்டது"

வேர் விட்ட செடி எப்படி நரைக்கும்னு கேட்டிருந்தார். வேர் தாத்தா நாக்குல முடிஞ்சுபோச்சு, நரை பேரன் வாயில தனியா ஆரம்பிக்குது, நடுவுல ஒரு தலைமுறையே இருக்கு. சின்னப் பையன் வாயில கெழட்டு நரை, அந்த முரண்தான் வரியே. "பேரன் வாயில் வாடிவிட்டது"ன்னு செடியாவே முடிச்சிருந்தா இலக்கணமா பொருந்தியிருக்கும், யாருக்கும் ஞாபகமும் இருந்திருக்காது. நம்ம வீட்டுல பசங்க பர்மியத்துல பேசிட்டே வந்து நடுவுல தாத்தா காலத்து தமிழ் சொல்லு ஒண்ண போடுவாங்களே, அத கேட்டவங்களுக்கு அந்த நரை சட்டுனு புரியும்.

கவிஞர் கடலையும் சக்கரத்தையும் மட்டும் மாத்தி எழுதித் தந்தா, முடிஞ்சா கவிதைய இன்னொரு தடவ போடுங்க. சக்கரத்துக்குப் பதிலா தாத்தா எப்படி போனார்ங்கறத நேரா ஒரு வரில சொன்னாலே எனக்குப் போதும்.

இப்படிக்கு
ஒரு வாசகி, யாங்கோன்