மேட்டில் ஏறும்போது வரும் அமுக்கம்

பாலக்கோடு,
ஞாயிறு மாலை.

அன்புள்ள மாதையா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியது, மாங்காய்க்கு இந்த வருஷமும் விலை இல்லாதது எல்லாம் தெரிந்துகொண்டேன். இங்கே தக்காளி கதையும் அதேதான், பறிக்கிற கூலிகூட தேறவில்லை. சரி, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். கடைசியில் போகிறபோக்கில் நாலு வரி எழுதியிருந்தாயே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

களியும் கறிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் தோப்புக்கு மேடேறினால் நடு நெஞ்சை அமுக்குகிறது, வரப்பில் கொஞ்சம் உட்கார்ந்து ஏப்பம் விட்டால் சரியாகிவிடுகிறது, வெறும் வாயுதான் என்று எழுதியிருக்கிறாய். ராத்திரி படுத்தால் புளிப்பாகத் தொண்டை வரை ஏறுகிறது என்றும் அதே வரியில் சேர்த்துவிட்டாய். மாதையா, இவை இரண்டும் ஒன்றில்லை. மருந்தகத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் இந்தக் குழப்பத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி வருவது அமிலம்தான். குனிந்தாலும் படுத்தாலும் கூடும், எரிச்சலாக மேலே ஏறும், ஒரு மணி நேரம்கூட இருக்கும். தலைமாட்டை உயர்த்தினால், அமிலத்துக்கான பாட்டில் மருந்தைக் குடித்தால் அடங்கும். சாப்பிட்டதும் படுக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விட்டாலே பாதி குறைந்துவிடும்.

மேட்டில் வருவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டால் ஜீரணத்துக்கு ரத்தம் அதிகம் தேவைப்படும், இதயம் அதற்காகவே கூடுதலாக உழைக்கும். அதோடு மேடும் ஏறினால் இரட்டை வேலை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருந்தால் அந்த நேரத்தில்தான் அது தெரியும். அதனால்தான் வெறும் வயிற்றில் ஏறினால் ஒன்றும் இல்லை, சாப்பிட்டு ஏறினால் அமுக்குகிறது. அப்புறம், உன்னைச் சரியாக்கியது ஏப்பம் இல்லை, நீ உட்கார்ந்ததுதான். நடந்தால் வந்து, நின்றால் சில நிமிஷத்தில் போகிறது என்றால் அதை வாயு என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை அது எந்தச் சாப்பாட்டுக்கு வந்தது என்று யோசிக்காதே, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது என்று பார். சோதித்துப் பார்க்கிறேன் என்று மறுபடி மேடேறிவிடாதே!

நெஞ்சில் கை வைத்து எது என்று சொல்லிவிட யாராலும் முடியாது. உணவுக்குழாயிலிருந்தும் இதயத்திலிருந்தும் வலியைச் சொல்லும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. பாட்டில் மருந்து குடித்ததும் குறைந்ததே என்பதும் சாட்சி ஆகாது, இதய வலியும் அந்த நேரத்தில் தானாகக் குறைந்திருக்கலாம். இதய வலிக்கென்று நாக்குக்கு அடியில் வைக்கப் பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கும் மாத்திரையும் அப்படித்தான், உணவுக்குழாய் இழுத்துப் பிடித்த வலியைக்கூட அது தளர்த்திவிடும். உனக்கு பிரஷர் இறங்கிப்போனால் அது வேறு வம்பு.

உனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு வலி மங்கலாக, வெறும் மூச்சுத்திணறலாகவோ அசதியாகவோகூட வரும்.

இசிஜி நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டால் நிம்மதியாக வந்துவிடாதே. என் மைத்துனருக்கு முதல் இசிஜியில் ஒன்றும் தெரியவில்லை, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருந்தது. டாக்டர் விடவில்லை, மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார். அப்போதுதான் ட்ரோபோனின் ஏறியிருந்தது. இதயத் தசை அடிபட்டாலும் அது ரத்தத்தில் தெரிய நேரம் பிடிக்கும். உன்னுடையது நடந்தால் மட்டும் வருவது, படுக்க வைத்து எடுக்கும் இசிஜியில் அது தெரியாமலே போகலாம். எக்கோ, ட்ரெட்மில் எது வேண்டுமென்று அவர்கள் முடிவு செய்யட்டும். நீ ‘கேஸ்’ என்று ஆரம்பிக்காதே, ‘சாப்பிட்டு ஏறினால் அமுக்குது, உட்கார்ந்தால் போகுது’ என்று அப்படியே சொல்.

இந்த வாரமே கிருஷ்ணகிரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. அதற்குள் சும்மா இருக்கும்போதே வந்தாலோ, உட்கார்ந்தும் பத்து நிமிஷத்தில் போகாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டி கை, தாடை பக்கம் இழுத்தாலோ, பாட்டிலைத் தேடாமல் 108-க்குப் போன் பண்ணு. வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு போகாதே. வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இறக்கினாலும் பயப்படாதே, இதயம் காப்போம் திட்டத்தில் ரத்தம் உறையாமல் இருக்க முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துத்தான் அனுப்புகிறார்கள்.

அதுவரை மதியம் களியைப் பாதியாகக் குறைத்துக்கொள், தோப்புக்குப் பையனை அனுப்பு. போகும்போது சர்க்கரை மாத்திரைச் சீட்டை மறக்காதே. என்ன சொன்னார்கள் என்று அன்றைக்கே போன் பண்ணு, கடிதம் வேண்டாம்.

அன்புடன்,
முனிராஜ்