புறக்கோட்டையில் சார்ஜர் விற்கும் வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள முதலாளிமாருக்கும் கடையில் நிற்கும் தம்பிமாருக்கும்,

நான் கொட்டாஞ்சேனையில் போன் திருத்துகிறவன். உதிரிப்பாகம் வாங்க வாரத்தில் இரண்டு நாளாவது உங்கள் தெருக்களுக்கு வருகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரியும்.

போன மாதம் ஓர் அம்மா மகனுடைய போனையும் சார்ஜரையும் கொண்டுவந்தார். சார்ஜரின் அடிப்பக்கம் பின்னைச் சுற்றி இளகி, பழுப்பேறிக் கிடந்தது. வீட்டில் பிளக் பொயின்ட்டும் கருகிவிட்டதாம். புறக்கோட்டைக் கடையொன்றில், “ஒரிஜினல்தான் அம்மா” என்று சொல்லிக் கொடுத்தார்களாம். எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சார்ஜரைக் கொடுத்தவர் அதை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்திருந்தால் விற்றிருக்கமாட்டார். அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் முதுகில் இருந்த எழுத்து. வெளியீடு 20 வோல்ட், 3.25 அம்பியர் என்று போட்டிருந்தது. பெருக்கினால் 65 வாட். பெட்டியில் இருந்த எண்ணும் அதுதான். அதற்கு மேல்வரியில் உள்ளீடு 100 முதல் 240 வோல்ட், 0.2 அம்பியர் என்று இருந்தது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 230ஐ 0.2ஆல் பெருக்குங்கள்: 46. சுவரிலிருந்து 46 வாட்டுக்கு மேல் எடுக்காத பொருள் போனுக்கு 65 வாட் கொடுக்க முடியாது. சின்னச் சார்ஜர் ஒன்றின் மேல்வரியை அப்படியே எடுத்து இதில் அச்சடித்திருக்கிறார்கள். நல்ல 65 வாட் சார்ஜர்களில் அந்த இடத்தில் ஒன்றரை அம்பியர் அளவில் போட்டிருக்கும். கல்குலேட்டர் உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

அதே முதுகில், ஐரோப்பியப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கியது என்று சொல்லும் சி, ஈ என்ற ஆங்கில எழுத்து முத்திரையும் இருந்தது. முறையான முத்திரையில் அந்த இரண்டு எழுத்துகளும் வட்டத்தின் துண்டுகள். சி எழுத்தை முழு வட்டமாக நீட்டினால் அது ஈயின் முதுகைத் தொட்டுவிடும். இதில் இரண்டும் ஒட்டி நெருங்கியிருந்தன. நெருங்கியிருந்தால் “சைனா ஏற்றுமதி” முத்திரை என்று சிலர் விளக்கம் சொல்கிறார்கள். அப்படி ஒரு முத்திரையே கிடையாது. அது பிழையாக வரைந்த அதே முத்திரை. சரியாக வரைந்திருந்தாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். சார்ஜருக்கு அந்த முத்திரையைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்ளலாம்.

எழுத்தைத் திருத்தமாக அச்சடிக்கத் தெரிந்த கள்ளரும் உண்டு. அதனால் அடுத்தது பின். நம் 13 அம்பியர் சதுரப் பின் பிரித்தானியத் தரத்திலிருந்து வந்தது. அதன் ஒவ்வோர் அளவுக்கும் காரணம் இருக்கிறது. கீழே உள்ள இரண்டு பின்களும் ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் தடிப்பு. மெலிந்தால் பொயின்ட்டுக்குள் இறுக்கம் குறையும், தொடுமிடம் சூடேறும், பிளாஸ்டிக் இளகும். அந்த அம்மாவின் வீட்டில் நடந்தது அதுதான்: நான் அளந்தபோது 3.4 இருந்தது. பின்னின் விளிம்பிலிருந்து சார்ஜரின் ஓரம் வரை குறைந்தது 9.5 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். பிளக்கை இழுக்கும் பிள்ளையின் விரல் பின்னைத் தொடாமல் இருக்க விட்ட இடைவெளி அது. இந்தச் சார்ஜரில் 6தான்.

மேலே உள்ள நீளமான எர்த் பின்னையும் பாருங்கள். கீழ்ப்பின்கள் இரண்டின் அடியில் கறுப்பு உறை இருக்கும். பாதி கழன்ற நிலையில் மின் பாயும் உலோகம் வெளியே தெரியாமலிருக்க அது தேவை. எர்த் பின் முழுக்க பிளாஸ்டிக்காக இருக்கலாம், அது பிழையில்லை. முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் உள்ளே இரட்டைக் காப்பு என்று பொருள், அந்தச் சார்ஜருக்கு எர்த் தேவைப்படாது. ஆனால் உலோக எர்த் பின்னுக்குக் கறுப்பு உறை போட்டிருந்தால், பிளக்கைச் செய்தவருக்கு உறை எதற்கென்றே தெரியாது என்று பொருள். எர்த் தேவைப்படும் மடிகணினி வயரில் அதே உறை எர்த் தொடர்பையே துண்டித்துவிடலாம்.

சார்ஜில் இருக்கும் போனின் உலோக ஓரத்தில் இலேசாகச் சுள்ளென்றால் உடனே போலி என்றும் முடிவுகட்டாதீர்கள். நல்ல சார்ஜரிலும் மிகச் சிறிய கசிவு இருக்கும். உள்ளே காப்பு சரியா என்பதை வெளியிலிருந்து எவராலும் சொல்லமுடியாது. எழுத்திலோ பின்னிலோ பிழை இருந்தால் அது நிச்சயம் வேண்டாத பொருள். பிழை இல்லாவிட்டால் நல்லதென்று உறுதியும் இல்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். புதுச் சரக்கு வந்ததும் ஒரு பெட்டியை உடைத்து, அடிமட்டம் வைத்து அளந்து, முதுகு எழுத்தைப் பெருக்கிப் பாருங்கள். தவறினால் முழுப் பெட்டியையும் கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். வாங்க வருகிறவர் உறையைப் பிரித்துப் பார்க்கக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

அந்த அம்மாவின் சார்ஜர் என் மேசை இலாச்சியில் இருக்கிறது. அடுத்த முறை வரும்போது கொண்டுவருகிறேன், நீங்களே அளந்து பாருங்கள்.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்